பசியில்லை, வாய் வறட்சி, குமட்டல்: முதியவரின் மாத்திரைப் பையை அலசுவது எப்படி?

எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் சாப்பாட்டைக் குறைத்துவிட்டால், வீட்டில் முதலில் வரும் பதில் "வயசாயிடுச்சுல்ல, அவ்வளவுதான் இறங்கும்" என்பதுதான். அடுத்து மெடிக்கலில் ஒரு பசி டானிக் வாங்குவார்கள். அதற்கும் அசையவில்லை என்றால் டாக்டரிடம் போவார்கள். அங்கே வாந்திக்கு ஒரு மாத்திரை சேரும். ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு மாத்திரை போட்டுக்கொண்டிருப்பவருக்கு இப்போது இன்னும் இரண்டு. சாப்பாடு இறங்காததற்கே அந்தப் பத்தில் ஒன்று காரணமாக இருக்கலாம் என்ற யோசனை பல நேரம் யாருக்கும் வருவதில்லை.

பொது மருத்துவராக முதியவர்களைப் பார்க்கும்போது நான் எந்த வரிசையில் இதை அலசுகிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன். முதல் இரண்டு படிகளை வீட்டிலேயே செய்துவிடலாம், சொல்லப்போனால் வீட்டில் செய்தால்தான் சரியாக வரும். மூன்றாவது படியிலிருந்து மருத்துவரோடு சேர்ந்து செய்ய வேண்டியவை. குறிப்பாக இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை, பார்க்கின்சன் மாத்திரை, இரத்த அழுத்தத்தையும் நாடியையும் குறைக்கும் மெட்டோபிரோலால், குளோனிடின் ஆகியவற்றை வீட்டில் நீங்களாகவே நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டை மாதக்கணக்கில் எடுத்துவிட்டுத் திடீரென விட்டால், அதனாலேயே பசி அற்றுப்போகும், குமட்டும், இரத்த அழுத்தம் விழும்.

விளக்குவதற்கு ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். நான் பார்த்த பலருடைய கதைகளைச் சேர்த்துச் செய்த உதாரணம் அவர். வயது 78. ஆறு மாதத்தில் எடை 50 கிலோவிலிருந்து 46-க்கு இறங்கிவிட்டது. "சோத்தைப் பார்த்தாலே ஓங்கரிக்குது டாக்டர், நாக்கு அண்ணத்துல ஒட்டிக்குது" என்கிறார். மகன் கையில் ஒரு துணிப்பை.

படி 1: பையில் இருப்பதை எல்லாம் மேசையில் கொட்டுங்கள்

பிரிஸ்கிரிப்ஷனைப் பார்த்துப் பட்டியல் எழுதினால் பாதிதான் கிடைக்கும். வீட்டில் உண்மையில் என்ன இருக்கிறதோ அதைக் கொண்டுவர வேண்டும்: இதய டாக்டர் எழுதியது, எலும்பு டாக்டர் எழுதியது, அரசு மருத்துவமனையில் மாதாமாதம் வாங்குவது, சளி பிடித்தால் மெடிக்கலில் கேட்டு வாங்குவது, டானிக், சூரணம், லேகியம், கண் சொட்டு மருந்து, இன்ஹேலர். ஃப்ரிட்ஜில் இருப்பதையும் மறக்க வேண்டாம்.

பிராண்டு பெயரை எழுதினால் பயனில்லை. அட்டையைத் திருப்பி, அதில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதுங்கள். நம் ஊரில் இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்த கூட்டு மாத்திரைகள் ஏராளம். தேடுகிற ஆள் பெரும்பாலும் அவற்றுக்குள்தான் ஒளிந்திருப்பார்.

பாட்டியின் அட்டைகளில் மூன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். மகன் "நரம்புச் சத்து மாத்திரை" என்று காட்டியதில் பிரிகாபலின் 75, மீத்தைல்கோபாலமின், அவற்றோடு நார்ட்ரிப்டிலின் 10 இருந்தது. மீத்தைல்கோபாலமின் மட்டும்தான் சத்து, அதாவது பி12. நார்ட்ரிப்டிலின் பழைய வகை மனச்சோர்வு மருந்து, நரம்பு வலிக்கும் கொடுப்பார்கள், வாயை நன்றாக உலர்த்தும். "கேஸ் மாத்திரை" என்றதில் பான்டோபிரசோலோடு டோம்பெரிடோன் 30 இருந்தது. வாந்தி மருந்தைத் தினமும் சாப்பிடுகிறோம் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. மூன்றாவது சர்க்கரை மாத்திரை. தனியார் டாக்டர் எழுதிய கிளிமெபிரைடு 2, மெட்ஃபார்மின் 500 கூட்டு மாத்திரை காலையும் இரவும். அரசு மருத்துவமனையில் வாங்கும் மெட்ஃபார்மின் 500, அதுவும் காலையும் இரவும். இரண்டு அட்டையும் வேறு நிறம், வேறு பெயர். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் மெட்ஃபார்மின்.

மொத்தம் பதின்மூன்று. மற்றவை: இதயத் துடிப்பை மெதுவாக்கும் டிகாக்சின் 0.25 (வாரத்தில் ஐந்து நாள், சனி ஞாயிறு விடுமுறை), மெட்டோபிரோலால், இரத்தம் உறையாமல் இருக்க அபிக்சபான், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின், உடலின் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் தண்ணீர் மாத்திரை ஃபுரோசெமைடு 40 காலையும் மாலையும், சிறுநீர் அவசரத்துக்கு சோலிஃபெனசின் 5, இரும்புச்சத்து மாத்திரை, குளோர்ஃபெனிரமின் கலந்த சளி மாத்திரை, கடைசியாக அந்தப் பசி டானிக்.

பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, உண்மையில் எப்படிச் சாப்பிடுகிறார் என்பதையும் எழுதுங்கள். "இது எதுக்கும்மா, எப்போ போடுவீங்க?" என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டால் பதில் வந்துவிடும். தண்ணீர் மாத்திரையின் இரண்டாவது வேளையை இவர் இரவு ஏழு மணிக்குப் போடுகிறார் என்று அப்படித்தான் தெரிந்தது. அதன் முக்கியத்துவம் பின்னால் வரும்.

படி 2: மூன்று புகாரையும் பிரித்து, தேதி போடுங்கள்

பசியில்லை, வாய் உலர்கிறது, குமட்டுகிறது என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். கேட்பவரும் ஒரே நோயாக எடுத்துக்கொள்வார். ஆனால் மூன்றுக்கும் பெரும்பாலும் வேறு வேறு மருந்துகள் காரணம், தொடங்கிய காலமும் வேறாக இருக்கும். பசியில்லாதவருக்குச் சாப்பாட்டின் நினைப்பே வராது. வாய் உலர்ந்தவருக்குப் பசி இருக்கும், ஆனால் சோறு மெல்லவும் விழுங்கவும் வராது, ரசமும் கஞ்சியும் மட்டும் போகும், பல் செட் வழுக்கும். குமட்டல் உள்ளவர் சாப்பிட உட்கார்ந்து இரண்டு வாயில் எழுந்துவிடுவார்.

தேதி ஞாபகமில்லை என்பார்கள். பண்டிகையை, கல்யாணத்தை வைத்துக் கேட்டால் வரும். "பொங்கலுக்கு நல்லா சாப்பிட்டாங்களா? பேத்தி கல்யாணத்துல?" என்று பின்னோக்கிப் போக வேண்டும். பிறகு மெடிக்கல் பில்லில் இருக்கும் தேதிகளை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பாட்டிக்கு வாய் வறட்சி எட்டு மாதமாக. கால் வலிக்கு எலும்பு டாக்டரைப் பார்த்த அதே மாதம் அது தொடங்கியது, சோலிஃபெனசின் சேர்ந்த பிறகு கூடியது. பசி குறைந்தது ஆறு மாதமாக. தனியார் சர்க்கரை மாத்திரை சேர்ந்தது அதற்குச் சற்று முன்பு. குமட்டல் மூன்று வாரமாக மட்டும். அதற்கு ஒரு வாரம் முன் இருமலுக்கு ஏழு நாள் கிளாரித்ரோமைசின் சாப்பிட்டிருக்கிறார். அந்த அட்டை காலியாகிவிட்டதால் பையில் இல்லை. கடந்த இரண்டு மாதத்தில் முடிந்துபோன மருந்துகளையும் கேட்பது இதனால்தான்.

மருந்து புதிதாக இருந்தால்தான் குற்றவாளி என்று நினைக்க வேண்டாம். பத்து வருடமாக ஒத்துப்போன மருந்துகூட, சிறுநீரகம் மெதுவானதும், எடை குறைந்ததும், வேறொரு மருந்து பக்கத்தில் வந்ததும் அளவு மீறிவிடும்.

படி 3: கிரியாட்டினினைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு. பாட்டிக்கு இரத்தத்தில் அது 1.4. "கொஞ்சம்தான் கூட" என்று தோன்றும் எண். ஒல்லியான முதியவருக்குத் தசை குறைவு என்பதால் கிரியாட்டினின் குறைவாகவே உற்பத்தியாகும். சிறுநீரகம் பாதி வேலைதான் செய்தாலும் எண் பெரிதாக ஏறாது.

மருந்தளவுக்கு வழக்கமாகப் போடும் காக்ராஃப்ட்–கால்ட் கணக்கு எளிது: (140 − வயது) × எடை ÷ (72 × கிரியாட்டினின்). பெண் என்றால் விடையை 0.85 ஆல் பெருக்க வேண்டும். பாட்டிக்கு 62 × 46 = 2852. அதை 72 × 1.4 = 100.8 ஆல் வகுத்தால் 28.3. அதை 0.85 ஆல் பெருக்கினால் 24. அதாவது சிறுநீரகம் வடிகட்டுவது நிமிடத்துக்கு 24 மில்லி. அதே வடிகட்டும் வேகத்தைச் சொல்ல லேப் ரிப்போர்ட்டில் அச்சாகி வரும் ஈ.ஜி.எஃப்.ஆர். இவருக்கு 38 சொச்சம் காட்டும். அது சராசரி உடல் பரப்பளவு உள்ளவருக்காகச் சரிசெய்த எண். 46 கிலோ பாட்டிக்கு அது தாராளமாகத்தான் சொல்லும். டிகாக்சின் போன்ற மருந்துக்கு நான் சிறிய எண்ணையே எடுத்துக்கொள்வேன்.

இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது கிரியாட்டினினோடு சோடியம், பொட்டாசியம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ1சி, ஹீமோகுளோபின், தைராய்டு ஆகியவற்றையும் ஒரே முறையில் கேட்டுவிடுவது நல்லது. சோடியம் குறைந்தாலே குமட்டும், பசி போகும். இரத்த அழுத்தக் கூட்டு மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு இருந்தாலும், மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் வகை சாப்பிட்டாலும் அதைப் பார்க்காமல் விடக் கூடாது. பாட்டிக்குச் சோடியம் சரியாக இருந்தது. பொட்டாசியம் 3.1, இருக்க வேண்டியது 3.5-க்கு மேல்.

படி 4: ஆபத்தானதை முதலில், அன்றைக்கே

ஒரு நேரத்தில் ஒரு மருந்தை மட்டும் மாற்ற வேண்டும் என்பது பொது விதி. அப்போதுதான் எது உதவியது என்று தெரியும். ஆனால் ஒன்றிரண்டு மருந்துகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவற்றில் முதலிடம் டிகாக்சினுக்கு.

டிகாக்சின் அதிகமானால் பல நேரம் முதலில் வருவது பசியின்மையும் குமட்டலும்தான். பிறகு களைப்பு, குழப்பம், மங்கலாகவோ மஞ்சளாகவோ தெரிவது, நாடி குறைவது. மருந்தின் நல்ல அளவுக்கும் நச்சு அளவுக்கும் இடையே வெளி மிகக் குறுகியது. அது பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். மார்க் பியர்ஸ் 1991-ல் தொடங்கி, அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2023-ல் புதுப்பித்த, முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல், ஒரு நாளைக்கு 0.125 மில்லிகிராமுக்கு மேல் டிகாக்சின் வேண்டாம் என்கிறது. நம் ஊரில் 0.25 மாத்திரையே அதிகம் கிடைப்பதால் வாரம் ஐந்து நாள் என்று எழுதும் பழக்கம் உண்டு. வாரத்துக்கு 1.25 மில்லிகிராம், நாள் கணக்கில் 0.18. சனி ஞாயிறு லீவு கொடுத்தும் எல்லையைத் தாண்டிவிடுகிறது.

பாட்டியின் விஷயத்தில் இதன் மேல் மூன்று சேர்ந்தன. சிறுநீரகம் 24-ல் ஓடுகிறது. இரண்டு வேளை ஃபுரோசெமைடு பொட்டாசியத்தை இறக்கிவிட்டது, பொட்டாசியம் குறைந்தால் அதே அளவு டிகாக்சின் இதயத்தைக் கூடுதலாகத் தாக்கும். கடைசியாக, கிளாரித்ரோமைசின் டிகாக்சின் வெளியேறுவதைத் தடுத்து இரத்தத்தில் அளவை ஏற்றிவிடும். மூன்று வாரக் குமட்டல் தொடங்கியது அங்கேதான்.

நாடி 48. அவருக்கு இருப்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது நாடி ஒழுங்கில்லாமல் துடிக்க வேண்டியவர். அப்படிப்பட்டவருக்கு நாடி திடீரென மெதுவாகவும் ஒழுங்காகவும் ஆகிவிட்டால் மகிழ்ச்சியடையக் கூடாது. இதய மின்னோட்டம் வழியில் தடைபட்டிருக்கிறது என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். உடனே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

இரத்தத்தில் டிகாக்சின் அளவு பார்க்கும்போது நேரம் முக்கியம். மாத்திரை போட்டு ஆறு மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும், காலை மாத்திரைக்கு முன் எடுப்பதே சுலபம். முன்கூட்டி எடுத்தால் பொய்யாக உயர்ந்து காட்டும். முதியவர்களுக்கு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்குக் கீழே இருப்பது நல்லது. பாட்டிக்கு 2.4 வந்தது. இன்னொன்று: அளவு 'நார்மல்' என்று வந்தாலும் பொட்டாசியம் குறைவாக இருந்தால் நச்சு இல்லை என்று சொல்லிவிட முடியாது. ரிப்போர்ட்டை விட ஆளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய இடம் இது.

பாட்டியை மருத்துவமனையில் சேர்த்தோம். டிகாக்சின் நிறுத்தம். பொட்டாசியத்தைச் சிறுநீரகத்தைக் கருதி மெதுவாக ஏற்றினோம். மெட்டோபிரோலாலை மானிட்டரில் வைத்துக்கொண்டே இரண்டு நாள் நிறுத்தி, நாடி ஏறியதும் திரும்பத் தொடங்கினோம். டோம்பெரிடோன் அன்றைக்கே போயிற்று. அதுவும் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடியது, பொட்டாசியம் குறைந்தால் இன்னும் மோசம், கிளாரித்ரோமைசினோடு சேரவே கூடாதது. குமட்டலுக்கு வாந்தி ஊசி போடச் சொல்லி மகன் கேட்டார். ஒண்டான்செட்ரானும் அதே இதயப் பிரச்சினை கொண்டது என்பதால் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன்.

சிறுநீரகம் சரியாக இருப்பவருக்கே டிகாக்சின் பாதியாகக் குறைய ஒன்றரை முதல் இரண்டு நாள் ஆகும். இவரைப் போன்றவருக்கு மூன்று நான்கு நாள்கூட ஆகும். ஆகவே "நிறுத்தி ரெண்டு நாளாச்சு, இன்னும் குமட்டுதே" என்று மனம் தளர வேண்டாம். பாட்டிக்குக் குமட்டல் அடங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. மெட்டோபிரோலால் மட்டுமே நாடியை 78-ல் வைத்திருந்ததால் டிகாக்சின் திரும்ப வரவில்லை.

டிகாக்சின் இல்லாத வீட்டில் இந்த இடத்தில் நான் தேடுவது தியோஃபிலின். மூச்சிரைப்புக்காக வருடக்கணக்கில் சாப்பிடுபவர்கள் இன்னும் உண்டு. அதிகமானால் குமட்டும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் சேர்ந்தால் அளவு எகிறும்.

படி 5: வாய் வறட்சிக்குத் தனியாக ஒரு கூட்டுத்தொகை

உமிழ்நீர்ச் சுரப்பிக்கு "சுரந்திடு" என்று நரம்பு சொல்வது அசிட்டைல்கோலின் என்ற பொருள் மூலமாக. அதைத் தடுக்கும் மருந்துகள் வேறு வேறு நோய்க்காக, வேறு வேறு டாக்டரிடமிருந்து வரும். ஒவ்வொன்றும் தனியாகச் சிறிய அளவுதான். வாயில் வந்து எல்லாம் சேர்ந்துவிடும்.

பாட்டியிடம் நான்கு இருந்தன. நார்ட்ரிப்டிலின், சோலிஃபெனசின், சளி மாத்திரையின் குளோர்ஃபெனிரமின், நான்காவது அந்தப் பசி டானிக். அதில் இருந்தது சைப்ரோஹெப்டடின். இது பழைய வகை அலர்ஜி மருந்து, பசியைத் தூண்டும் என்று விற்கிறார்கள். முதியவர்களுக்கு வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும், தூக்கத்தையும் குழப்பத்தையும் தரும். பியர்ஸ் பட்டியல் இதைத் தவிர்க்கவே சொல்கிறது. பசிக்காக வாங்கிய டானிக்கே சாப்பாட்டை விழுங்கவிடாமல் செய்வது எனக்கு எரிச்சலூட்டும் விஷயங்களில் ஒன்று.

வாயைத் திறந்து பார்க்காமல் இதைப் பேசிப் பயனில்லை. மர ஸ்பேட்டுலாவைக் கன்னத்தின் உள்பக்கம் வைத்து எடுத்தால் ஒட்டிக்கொண்டு வரும். நாக்கில் பிளவு, நாக்கடியில் உமிழ்நீர்த் தேக்கமே இல்லை. பல் செட்டைக் கழற்றச் சொன்னால் அண்ணத்தில் சிவப்பும் வெள்ளைத் திட்டும். அது பூஞ்சைத் தொற்று, உலர்ந்த வாயிலும், ஸ்டீராய்டு இன்ஹேலர் அடித்துவிட்டு வாய் கொப்பளிக்காதவரிடமும் எளிதில் வரும். அதுவே ருசியைக் கெடுத்து எரியவைக்கும். குளோட்ரிமசோல் வாயில் தடவக் கொடுத்து, இரவில் பல் செட்டைக் கழற்றி வைக்கச் சொன்னோம்.

நிறுத்தும் வரிசை இப்படி. டானிக்கும் சளி மாத்திரையும் உடனே நிறுத்தலாம், படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. சோலிஃபெனசினை எடுக்கும் முன் அது ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். இங்கே ஒரு சங்கிலி இருந்தது: இரவு ஏழு மணிக்குத் தண்ணீர் மாத்திரை, அதனால் ராத்திரி நான்கைந்து முறை எழுந்திருத்தல், அதைச் சிறுநீர்ப்பைக் கோளாறு என்று நினைத்து சோலிஃபெனசின், அதனால் வாய் உலர்ந்து அதிகம் தண்ணீர் குடித்தல், அதனால் இன்னும் சிறுநீர். ஃபுரோசெமைடின் இரண்டாவது வேளையை மதியம் இரண்டு மணிக்கு மாற்றினோம். கால் வீக்கமும் மூச்சும் நன்றாக இருந்ததால் அந்த வேளையை 40-லிருந்து 20 ஆக்கினோம். ஒரு வாரம் கழித்து சோலிஃபெனசின் நிறுத்தம்.

கடைசியாக நார்ட்ரிப்டிலின். கூட்டு மாத்திரையில் ஒன்றை மட்டும் குறைக்க முடியாது. அதற்குப் பதிலாகத் தனி பிரிகாபலின் 50 இரவில் கொடுத்தோம். பிரிகாபலினையும் சேர்த்துத் திடீரென நிறுத்தினால் தூக்கமின்மையும் பதற்றமும் வரும், அதோடு சிறுநீரகம் 24 உள்ளவருக்கு அதன் அளவையும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். நார்ட்ரிப்டிலின் 10 மில்லிகிராம்தான் என்பதால் நேரடியாக விட முடிந்தது. 25, 50 என்று சாப்பிடுபவருக்கு வாரக்கணக்கில் இறக்க வேண்டும். முதல் சில இரவு தூக்கம் சரியாக வராது என்று முன்பே சொல்லிவிட்டால், நான்காம் நாள் மகன் பழைய அட்டையைத் தேடி எடுக்க மாட்டார்.

வேறு வீடுகளில் இந்த இடத்தில் அடிக்கடி தட்டுப்படுவது இன்னொரு சங்கிலி. தலைசுற்றலுக்கு சின்னரிசின் அல்லது புரோக்ளோர்பெராசின் மாதக்கணக்கில் ஓடும். அதனால் கை நடுக்கம் வரும். அதைப் பார்க்கின்சன் நோய் என்று நினைத்து டிரைஹெக்சிஃபெனிடில் சேரும். வாய் வறண்டுவிடும். இங்கே எடுக்க வேண்டியது முதல் மருந்தை. டிரைஹெக்சிஃபெனிடிலை மட்டும் நிறுத்தினால் நடுக்கம் அப்படியே இருக்கும்.

படி 6: சர்க்கரை மாத்திரையும் பசியும்

மெட்ஃபார்மின் நல்ல மருந்து. ஆனால் பசியைக் குறைக்கும், வாயில் உலோகச் சுவை தரும், வயிற்றைக் கலக்கும். குண்டானவருக்கு அது வரம், 46 கிலோ பாட்டிக்கு அப்படியில்லை. ஈ.ஜி.எஃப்.ஆர். 45-க்குக் கீழே போனால் அளவைப் பாதியாக்கி 1000-க்குள் வைக்க வேண்டும், 30-க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர் வாந்தியோ வயிற்றுப்போக்கோ எடுக்கும் நாட்களில் எந்த அளவும் வேண்டாம்.

இவருக்கு எச்.பி.ஏ1சி 6.4. முப்பது வயதுக்காரருக்கு இது பாராட்டத்தக்க எண். சாப்பிடாத 78 வயதுக்காரருக்கு எனக்குப் பயத்தைத் தரும் எண். கிளிமெபிரைடு சாப்பாட்டைப் பார்த்து வேலை செய்யாது, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும். இரவு வெறும் ரசம் குடித்துவிட்டுப் படுத்தவருக்கு விடியற்காலையில் சர்க்கரை விழுந்தால், வியர்வையும் குழப்பமும்கூட வயதின் கணக்கில் போய்விடும். நலிந்த முதியவருக்கு எச்.பி.ஏ1சி 8 வரை இருந்தால் போதும்.

ஆகவே கிளிமெபிரைடும் இரண்டு மெட்ஃபார்மினும் மருத்துவமனையில் சேர்ந்த முதல் நாளே நின்றன. வீட்டுக்குப் போன பிறகு காலை வெறும் வயிற்றுச் சர்க்கரையை வாரம் மூன்று முறை குளுக்கோமீட்டரில் பார்க்கச் சொன்னோம். 140, 160 என்று ஓடியது. மூன்றாவது வாரம் சாப்பாடு கூடியதும் 190 தொட்டது. அப்போது லினாக்ளிப்டின் 5 ஒருவேளை. சிறுநீரகத்துக்காக அதில் அளவு மாற்ற வேண்டியதில்லை, பசியையும் பெரிதாகத் தொடாது.

பசி திரும்பியது டிகாக்சின் போனதாலா, மெட்ஃபார்மின் போனதாலா? ஒரே நாளில் இரண்டையும் நிறுத்தியதால் பிரித்துச் சொல்ல வழியில்லை. தெரிந்துகொள்வதற்காகத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டியதும் இல்லை.

வாராந்திர செமாகுளூடைடு ஊசி அல்லது மாத்திரை எடுக்கும் முதியவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், சர்க்கரையோடு பசியையும் குறைப்பதே அதன் வேலை. எடை குறைய வேண்டிய தேவை இல்லாதவருக்கு அது தொடர வேண்டுமா என்று சர்க்கரை மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

படி 7: மிச்சம் உள்ளவை

இரும்புச்சத்து மாத்திரை இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அதனால் நிற்கவில்லை. ஹீமோகுளோபின் 11.8, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் நிறைவாக இருந்தது. நிறுத்தினோம். மலச்சிக்கலும் பாதி குறைந்தது, மலச்சிக்கலே பசியைக் கெடுக்கும் என்பதால் அது சின்ன லாபமில்லை. இரும்பு உண்மையிலேயே தேவைப்படுபவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் வயிறு கொஞ்சம் தாங்கும்.

பான்டோபிரசோலைத் தனி மாத்திரையாக வைத்துக்கொண்டோம், அபிக்சபான் சாப்பிடுபவருக்கு இரைப்பையில் இரத்தம் கசியாமல் இருக்க. பி12 அளவு பார்த்தோம், குறைவு. நீண்ட நாள் மெட்ஃபார்மின் அதைச் செய்யும். பி12 தனியாகத் தொடர்கிறது.

உங்கள் பட்டியலில் மறதி நோய்க்கு டொனெபெசில் அல்லது ரிவாஸ்டிக்மின், வலிக்கு டிரமடால் இருந்தால் அவற்றையும் குமட்டலின் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். டொனெபெசில் எடையைக் குறைக்கும், சிறுநீர் அவசரத்தையும் தரும். அதற்கு சோலிஃபெனசின் வகை சேர்ந்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து வேலை செய்துகொண்டிருக்கும்.

படி 8: அளந்து பாருங்கள்

"பரவாயில்லை" என்ற பதிலை நம்பி முடிவெடுக்க முடியாது. வாரம் ஒருநாள், அதே தராசில், காலையில் சிறுநீர் கழித்த பிறகு எடை. ஒருவேளைக்கு எத்தனை இட்லி என்று ஒரு காலண்டரில் எழுதுங்கள். வாய்க்கு ஒரு எளிய கேள்வி: தண்ணீர் குடிக்காமல் ஒரு பிஸ்கட்டைத் தின்ன முடிகிறதா? நாடியையும் இரத்த அழுத்தத்தையும் முதல் மாதம் வாரம் இருமுறை பார்க்க வேண்டும், நிறுத்திய மருந்துக்குத் தேவை இருந்திருந்தால் அங்கேதான் தெரியும். தண்ணீர் மாத்திரையைக் குறைத்தவருக்கு எடை மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சாப்பாட்டால் வந்த எடை அல்ல, நீர் கோத்திருக்கிறது. அன்றே டாக்டரைப் பாருங்கள்.

எட்டு வாரத்தில் பாட்டி 47.5 கிலோ. ஒரு இட்லி மூன்றானது. வாய் இரண்டு மூன்று வாரத்திலேயே ஈரமாகத் தொடங்கியது. எல்லாம் சரியாகிவிடவில்லை: கால் வலி கொஞ்சம் கூடியது, இரவில் ஒன்றிரண்டு முறை இன்னும் எழுந்திருக்கிறார். இரண்டையும் வைத்துக்கொண்டு சாப்பிட முடிவதையே அவர் விரும்பினார். முடிவில் அவர் பேச்சுக்குத்தான் எடை அதிகம்.

மருந்தை எல்லாம் சரிசெய்து ஆறு வாரம் ஆகியும் எடை இறங்கிக்கொண்டே இருந்தால் மருந்துக் கணக்கை மூடிவிட்டு வேறு பக்கம் தேட வேண்டும்: காசநோய், வயிறு அல்லது குடலில் புற்றுநோய், மனச்சோர்வு, ஆடும் பல். விழுங்கும்போது அடைப்பது, கறுத்த மலம் (இரும்பு மாத்திரை சாப்பிடாதபோதும்), தொடர் வாந்தி, காய்ச்சல் இருந்தால் ஆறு வாரம் காத்திருக்கவே கூடாது.

படி 9: பட்டியல் திரும்பவும் வளராமல் இருக்க

பையிலிருந்து எடுத்த மருந்து மூன்று மாதத்தில் திரும்ப வந்துவிடும். எலும்பு டாக்டர் பழைய சீட்டைப் பார்த்து அதே கூட்டு மாத்திரையை எழுதுவார், அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் புதிய பட்டியலின் கீழே "நிறுத்தியவை" என்று தனிப் பகுதி போட்டு, பெயர், தேதி, காரணம் மூன்றையும் எழுதிக் கொடுக்கிறேன். பாட்டியின் தாளில் முதல் வரி இப்படி இருக்கும்: "டிகாக்சின்: நாடி 48, பொட்டாசியம் 3.1, இரத்த அளவு 2.4. திரும்பத் தொடங்கும் முன் அழைக்கவும்." இந்தத் தாளின் நகல் ஒவ்வொரு டாக்டருடைய ஃபைலிலும், வழக்கமாக மருந்து வாங்கும் மெடிக்கலிலும் இருக்கட்டும். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய அட்டைகளைத் தனி டப்பாவில் எடுத்து வைத்து, அடுத்த விசிட்டில் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.